குறைந்தது வேறு, குறைத்தது வேறு: ஆய்வு முடிவை எங்கே நிறுத்துவது?

"காய்கறி அதிகம் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைந்திருந்தது."

"காய்கறி நுரையீரல் புற்றுநோயைக் குறைத்தது."

இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். வினைச்சொல்லில் 'ந்' இருந்த இடத்தில் 'த்' வந்திருக்கிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதுதான். முதல் வாக்கியம் கண்ணில் பட்டதைச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியம் அதைச் செய்தது யார் என்று சொல்கிறது. ஓர் ஆய்வின் தரவு முதல் வாக்கியத்தை மட்டும் தாங்கும்போது, நாம் இரண்டாவதை எழுதிவிட்டால் முடிவு தரவைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகளைப் பல வருடமாக வாசித்து வருகிறேன். தரவு சேகரிப்பில் நடக்கும் தவறுகளைவிட, கடைசி இரண்டு பக்கத்தில் நடக்கும் தவறுகள்தான் அதிகம். 'முடிவுகள்', 'பரிந்துரைகள்' என்று தலைப்புப் போட்டதும் கை தானாக வேகமெடுத்துவிடுகிறது. இது மாணவர்களுக்கு மட்டும் வரும் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். பெரிய மருத்துவ உலகமே ஒருமுறை இந்த 'ந்'-க்கும் 'த்'-க்கும் இடையில் தடுமாறியிருக்கிறது. அந்தக் கதையை முழுதாகச் சொன்னால் விஷயம் தானாகப் புரியும்.

ஒரு கேள்வியாகத் தொடங்கியது

கேரட், பூசணி, கீரை, மாம்பழம் போன்றவற்றில் பீட்டா கரோட்டின் என்ற நிறமி இருக்கிறது. நம் உடல் இதிலிருந்து வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்கிறது. 1970களிலும் 80களிலும் பல நாடுகளில் மக்களிடம் 'என்ன சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டு எழுதிவைத்தார்கள். சில ஆய்வுகளில் ரத்தத்தை எடுத்து அதில் பீட்டா கரோட்டின் எவ்வளவு என்று அளந்தார்கள். பிறகு யாருக்குப் புற்றுநோய் வந்தது என்று பார்த்தார்கள். மறுபடி மறுபடி ஒரே படம்தான் தெரிந்தது. பீட்டா கரோட்டின் உள்ள உணவை அதிகம் சாப்பிட்டவர்களிடம், ரத்தத்தில் அது அதிகம் இருந்தவர்களிடம், நுரையீரல் புற்றுநோய் குறைந்திருந்தது.

1981-ல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் உள்ளிட்ட நான்கு பேர் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். டால் யாரென்றால், சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலகத்துக்கு நிறுவிக் காட்டியவர்களில் ஒருவர். அப்பேர்ப்பட்டவர் கையெழுத்திட்ட கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: உணவில் உள்ள பீட்டா கரோட்டின் மனிதர்களின் புற்றுநோயைக் கணிசமாகக் குறைக்குமா? உள்ளேயும் 'உண்மையிலேயே அது காக்கிறது என்றால்' என்று ஒரு 'என்றால்' போட்டு, அதைச் சோதனை நடத்திப் பார்க்கலாம் என்று சேர்த்திருந்தார்கள். எனக்கு அந்த 'என்றால்' மிகவும் பிடிக்கும். கையில் உள்ள தரவு எதுவரை வரும், எங்கே நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அது ஏன் அங்கே நின்றுவிடுகிறது? கேரட்டும் கீரையும் நிறையச் சாப்பிடும் ஆளை நினைத்துப் பாருங்கள். அவர் குறைவாகப் புகைப்பவராக இருக்கலாம். குறைவாகக் குடிப்பவராக இருக்கலாம். வசதி கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். போதாததற்கு, சிகரெட் பிடிப்பவர்களின் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அளவு குறைவாகவே இருக்கும். அப்படியானால் ரத்தத்தில் உள்ள அந்த நிறமி, ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். இன்னொன்று, கேரட்டில் பீட்டா கரோட்டின் மட்டுமா இருக்கிறது? நார்ச்சத்தும் வேறு எத்தனையோ பொருளும் சேர்ந்துதான் இருக்கின்றன. மழை நாளில் தெருவில் குடைகள் அதிகம் தெரியும். அதற்காகக் குடையை விரித்தால் மழை வருமா?

இந்த ஆய்வுகளில் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். அதனால் 'குறைந்திருந்தது' என்று சொல்லலாம். 'குறைத்தது' என்று சொல்ல, கொடுத்துப் பார்த்தாக வேண்டும்.

பின்லாந்தில் கொடுத்துப் பார்த்தார்கள்

1985-ல் பின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. ஏடிபிசி ஆய்வு என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். 29,133 பேர். எல்லாரும் ஆண்கள், 50 முதல் 69 வயது, எல்லாரும் சிகரெட் பிடிப்பவர்கள். குலுக்கல் முறையில் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், ஒரு குழுவுக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ, ஒரு குழுவுக்கு இரண்டும், ஒரு குழுவுக்கு மருந்து இல்லாத போலி மாத்திரை.

குலுக்கல் ஏன் என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். யாருக்கு எந்த மாத்திரை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும்போது, குடிப்பவர், குடிக்காதவர், கீரை சாப்பிடுபவர், சாப்பிடாதவர், பணக்காரர், ஏழை எல்லாரும் எல்லாக் குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் கலந்துவிடுவார்கள். குழுக்களுக்குள் மிஞ்சும் பெரிய வித்தியாசம் மாத்திரை ஒன்றுதான். அதனால் கடைசியில் தெரியும் வித்தியாசத்தை மாத்திரையின் மேல் எழுதலாம். பிறவினைக்கு உரிமை இங்கேதான் கிடைக்கிறது.

ஐந்து முதல் எட்டு வருடம் மாத்திரை கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களில் 474 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தது. சாப்பிடாதவர்களில் 402 பேருக்கு. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட பதினாலரை ஆயிரம் பேர். அதாவது குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் 18 சதவீதம் கூடியிருந்தது.

இதே ஆட்களிடம், சோதனை தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்து, உணவும் கேட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தால் பழைய படம் அப்படியே இருந்தது. இயல்பாகவே ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைந்திருந்தது! பழைய தரவு பொய் சொல்லவில்லை. 'குறைந்திருந்தது' என்பது உண்மை. 'மாத்திரை குறைக்கும்' என்பது பொய். இரண்டும் ஒரே ஆய்வில், ஒரே ஊர் ஆட்களிடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் கேரெட் என்று சுருக்கப் பெயர் கொண்ட இன்னொரு சோதனை அதே சமயம் நடந்துகொண்டிருந்தது. புகைப்பவர்கள், புகைப்பதை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள் என்று மொத்தம் 18,314 பேர். அவர்களில் ஒரு பகுதிக்குத் தினமும் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் கூடவே வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதம் முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும், மொத்த இறப்பு 17 சதவீதமும் கூடியிருந்தன.

எந்தச் சொல்லில் வேலி தாண்டுகிறோம்

பழைய ஆய்வுகளிலிருந்து 'பீட்டா கரோட்டின் மாத்திரை மனிதர்களுக்குப் புற்றுநோய் வராமல் தடுக்கும்' என்ற வாக்கியத்துக்கு வர, எத்தனை இடத்தில் சொல்லை மாற்ற வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் பெயர்ச்சொல். தரவில் இருந்தது காய்கறி, பழம். வாக்கியத்தில் வந்தது மாத்திரை. சாப்பாட்டில் வரும் ஒரு பொருளைத் தனியாகப் பிரித்து, தினசரி உணவில் கிடைப்பதைவிடப் பல மடங்கு கொடுத்தால் அது அதே மாதிரி நடந்துகொள்ளும் என்று அந்தத் தரவு எங்கும் சொல்லவில்லை.

அடுத்து வினை. குறைந்தது, குறைத்தது ஆனது. இதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கூடியது என்பது கூட்டியது ஆவதும், உயர்ந்தது என்பது உயர்த்தியது ஆவதும் இதே தாவல்தான். 'சாப்பிட்டவர்களிடம்' என்று இருந்ததை 'சாப்பிட்டதால்' என்று எழுதினாலும் அதே கதை. ஒரு 'ஆல்' வேற்றுமை உருபு, ஒரு முழுச் சோதனை செய்ய வேண்டிய வேலையைச் சத்தமில்லாமல் செய்துமுடித்துவிடும்.

மூன்றாவது காலம். இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆய்வு எப்போதும் இறந்தகாலத்தில் நடந்து முடிந்த ஒன்று. 'குறைந்திருந்தது', 'வந்தது', 'காணப்பட்டது' என்றுதான் அதை நேர்மையாகச் சொல்ல முடியும். 'குறைக்கும்', 'தடுக்கும்', 'வளர்க்கும்' என்று 'உம்' போட்டதும் அது எப்போதும், எங்கேயும் பொருந்தும் விதியாகிவிடுகிறது. 'சூரியன் கிழக்கில் உதிக்கும்' என்பதற்கும் நம் வாக்கியத்துக்கும் இலக்கணத்தில் வித்தியாசமே இல்லாமல் போய்விடும்.

நான்காவது, யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. பின்லாந்தின் புகைக்கும் ஆண்கள், 'புகைப்பவர்கள்' ஆகி, 'மனிதர்கள்' ஆகிவிடுவார்கள்.

பின்லாந்து ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையை எப்படி முடித்தார்கள் என்று பாருங்கள். ஐந்து முதல் எட்டு வருடம் இந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட, புகைப்பிடிக்கும் ஆண்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைந்ததாக நாங்கள் காணவில்லை. பார்க்கப்போனால் இவற்றால் நன்மையோடு தீமையும் வரக்கூடும் என்ற சாத்தியத்தை இந்தச் சோதனை எழுப்புகிறது. இதுதான் சாரம். யார், எதை, எத்தனை காலம், எந்த நோய் எல்லாமே அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. தீமையைச் சொல்லும்போதுகூட 'வரக்கூடும்', 'சாத்தியம்' என்ற அளவில்தான் நிறுத்துகிறார்கள். எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்த முதல் சோதனை அது. ஒரே ஒரு சோதனையை வைத்து அதற்கு மேல் பேச அவர்கள் விரும்பவில்லை. இரண்டு வருடம் கழித்து கேரெட்டும் அதையே காட்டிய பிறகு பேச்சில் உறுதி கூடியது. அது நியாயமான கூடுதல்.

எதிர்ப்பக்கமும் தாண்டலாம்

இந்த முடிவுகளைக் கேட்டதும் 'அப்போ கேரட் சாப்பிட்டால் புற்றுநோய் வருமா?' என்று கேட்பவர்கள் உண்டு. இது அதே தவறு, திசை மட்டும் மாறியிருக்கிறது. சோதித்தது 20, 30 மில்லிகிராம் மாத்திரையை. கேரட்டை யாரும் சோதிக்கவில்லை. 'எல்லாருக்கும் ஆபத்து' என்பதும் அப்படித்தான். அமெரிக்காவில் 22,071 ஆண் டாக்டர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 50 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோ போலி மாத்திரையோ பன்னிரண்டு வருடம் சாப்பிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் புகைப்பவர்கள் இல்லை. அங்கே புற்றுநோயில் நன்மையும் தெரியவில்லை, தீமையும் தெரியவில்லை. ஆகவே பின்லாந்து முடிவை எழுதும்போது 'புகைப்பவர்கள்' என்ற சொல்லைத் தூக்கிவிட்டால் முடிவின் பொருளே மாறிவிடும்.

18 சதவீதம் என்ற எண்ணையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மாத்திரை சாப்பிடாத ஆயிரம் பேரில் சுமார் 28 பேருக்கு நோய் வந்தது. சாப்பிட்ட ஆயிரம் பேரில் சுமார் 33 பேருக்கு. ஆறு வருடத்தில் ஆயிரத்துக்கு ஐந்து பேர் கூடுதல். '18 சதவீதம் கூடியது' என்று மட்டும் எழுதினால், மாத்திரை சாப்பிடும் நூறு பேரில் பதினெட்டுப் பேருக்குப் புற்றுநோய் என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. எண் தப்பில்லை, ஆனால் அது மனதில் எழுப்பும் படம் தரவைத் தாண்டிவிடுகிறது. இரண்டு எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டால் இந்தப் பிரச்சினை வராது. ஐந்து என்பதைச் சின்ன எண் என்று ஒதுக்கவும் வேண்டாம்; நோயைத் தடுப்பதற்கென்று கொடுத்த மாத்திரை அது.

தேடாமல் கிடைத்த முத்து

அதே பின்லாந்து ஆய்வில் இன்னொன்றும் நடந்தது. எனக்கு இந்தப் பகுதிதான் அதிகப் பாடம் சொன்னது. வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களில் 99 பேருக்குத்தான் புரோஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தது. சாப்பிடாதவர்களில் 151 பேருக்கு. பார்த்ததும் எவருக்கும் மனம் துள்ளும். குலுக்கல் நடந்த சோதனை, பெரிய கூட்டம், மூன்றில் ஒரு பங்கு குறைவு. இங்கே பிறவினை போடலாமே?

ஆய்வு தொடங்கியபோது விடை தேடிய கேள்வி நுரையீரல் புற்றுநோய்தான். அதோடு கூடவே வயிறு, குடல், சிறுநீர்ப்பை, புரோஸ்டேட் என்று பல புற்றுநோய்களை எண்ணினார்கள். மாரடைப்பையும் பக்கவாதத்தையும்கூட எண்ணினார்கள். நிறையப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால், ஏதாவது ஒன்றில் தற்செயலாகவே பெரிய வித்தியாசம் தெரியும். இருபது பேர் ஆளுக்குப் பத்து முறை காசைச் சுண்டினால், யாரோ ஒருவருக்கு எட்டு முறை தலை விழுவதில் ஆச்சரியம் இல்லை. அவரைக் காட்டி 'இவருக்குக் கைராசி' என்று சொல்லக் கூடாது. அவரை மறுபடி சுண்டச் சொல்லிப் பார்க்கலாம்.

மருத்துவ உலகம் இந்த முறை சரியாக நடந்துகொண்டது. மறுபடி சுண்டச் சொன்னார்கள். 2001-ல் செலக்ட் என்ற சோதனை தொடங்கியது. 35,533 ஆண்கள். வைட்டமின் ஈ, செலினியம், இரண்டும், போலி மாத்திரை என்று நான்கு குழுக்கள். இந்தத் தடவை புரோஸ்டேட் புற்றுநோய்தான் முதன்மைக் கேள்வி. 2008-ல், பலன் எதுவும் தெரியவில்லை என்று மாத்திரையை நிறுத்தினார்கள். ஆட்களைத் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிட்ட கணக்கில், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களிடம் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது.

பின்லாந்தில் கண்டது வெறும் தற்செயல்தான் என்று இதை வைத்து அடித்துச் சொல்லலாமா? அதுவும் முடியாது. செலக்ட்டில் வைட்டமின் ஈ அளவு பல மடங்கு அதிகம். ஆட்களில் புகைப்பவர்கள் மிகக் குறைவு. அளவு மாறியதால் இப்படி வந்ததா, ஆட்கள் மாறியதால் வந்ததா, முதலில் கண்டதே தற்செயலா என்பதை இந்த இரண்டு ஆய்வையும் வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று: புரோஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று நினைத்து யாரும் அந்த அளவு வைட்டமின் ஈ சாப்பிட வேண்டியதில்லை. 99-ஐயும் 151-ஐயும் பார்த்துவிட்டு அன்றைக்கே 'ஆண்கள் வைட்டமின் ஈ சாப்பிட வேண்டும்' என்று ஒரு வரி பரிந்துரை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

'வேண்டும்' என்று எழுதும் முன்

பரிந்துரை முடிவைவிட ஒரு படி மேலே நிற்கிறது. முடிவு 'இப்படி இருந்தது' என்கிறது. பரிந்துரை 'இப்படிச் செய்' என்கிறது. நடுவில் செலவு, பக்கவிளைவு, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்ற கேள்விகள் எல்லாம் உண்டு. அதனால் முடிவு சரியாக இருந்தாலும் பரிந்துரை தாண்டிவிட முடியும்.

பரிந்துரையை அளந்து எழுதியதற்கு ஒரு நல்ல உதாரணம் பீட்டா கரோட்டினின் இன்னொரு கிளைக்கதையிலேயே இருக்கிறது. வயதானவர்களுக்குக் கண்ணின் விழித்திரை மையம் சிதைந்து பார்வை போகும் ஒரு நோய் உண்டு. 15 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் எல்லாம் சேர்ந்த மாத்திரை, நடுத்தரக் கட்டத்தில் இருந்தவர்களிடமும், ஒரு கண்ணில் நோய் முற்றியவர்களிடமும், அது மேலும் முற்றும் வாய்ப்பைச் சுமார் 25 சதவீதம் குறைத்தது என்று 2001-ல் ஓர் அமெரிக்கச் சோதனை காட்டியது. இதுவும் குலுக்கல் சோதனை, ஆகவே 'குறைத்தது' என்று எழுதுகிறேன். பரிந்துரை எப்படி வந்தது? 'வயதானவர்கள் அனைவரும் சாப்பிட வேண்டும்' என்று வரவில்லை. அந்தக் கட்டத்தில் உள்ளவர்கள், புகைப்பழக்கம் போன்ற தடை இல்லாவிட்டால், இதைப் பற்றி யோசிக்கலாம் என்றுதான் வந்தது. புகைப்பவர்களை விலக்கியது பின்லாந்தும் கேரெட்டும் சொன்னதை நினைவில் வைத்ததால். பிறகு 2013-ல் வந்த அடுத்த சோதனையில் பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டீன், ஸீயாக்சாந்தின் என்ற வேறு நிறமிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதிலும் பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் அதிகம் காணப்பட்டது. நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் புகைப்பதை முன்பே விட்டவர்கள். பழைய பரிந்துரையில் 'புகைப்பவர்கள்' என்று மட்டும் இருந்த வேலி, அதன்பின் 'புகைத்தவர்கள்' வரை அகன்றது.

தரவுக்குள் நிற்பது என்றால் பயந்து பயந்து எழுதுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. 'புகைப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிடக் கூடாது' என்பதை இன்று யாரும் தயங்காமல் எழுதலாம். இரண்டு பெரிய சோதனை அதன் பின்னால் நிற்கின்றன. அங்கே போய் 'கூடும்', 'இருக்கலாம்', 'மேலும் ஆய்வு தேவை' என்று இழுத்தால் அதுவும் தரவுக்கு உண்மையாக இல்லாததுதான்.

ஒரு அறிக்கையின் கடைசிப் பக்கம்

இனி நம் ஊருக்கு வருவோம். செவிலியர் படிப்பு அறிக்கைகளில் அடிக்கடி பார்க்கும் ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. ஒரு மாணவி ஒரு கிராமத்தில் 40 கர்ப்பிணிகளிடம் ரத்தசோகை பற்றி 20 கேள்வி கேட்கிறார். பிறகு படங்களோடு ஒரு மணி நேரம் வகுப்பு. ஏழு நாள் கழித்து அதே 20 கேள்வி. சராசரி மதிப்பெண் 8-லிருந்து 14 ஆகியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதுகிறார்:

"இந்த வகுப்பு கர்ப்பிணிகளிடம் ரத்தசோகையைக் குறைப்பதில் பயனுள்ளது. எனவே அரசு அனைத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும்."

முதலில் 'ரத்தசோகையைக் குறைப்பதில்'. யாருக்கும் ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்க்கவில்லை. அளந்தது மதிப்பெண். முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து உண்டு என்று சரியாகப் பதில் எழுதியவர் வீட்டில் அன்று முருங்கைக்கீரை சமைத்தாரா என்பதுகூட நமக்குத் தெரியாது. அறிவு, பழக்கம், ரத்தம் மூன்றும் மூன்று வாசல்கள். தரவு முதல் வாசலில்தான் நிற்கிறது.

அடுத்து 'இந்த வகுப்பு'. வகுப்பு நடக்காத இன்னொரு குழு இல்லை. முதல் தடவை கேள்வித்தாளைப் பார்த்ததும் அந்தப் பெண்கள் வீட்டில் மாமியாரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டுத் தெரிந்திருக்கலாம். அதே கேள்வி இரண்டாம் தடவை வருவதாலேயே கொஞ்சம் மதிப்பெண் கூடும். ஆகவே 6 மதிப்பெண்ணில் வகுப்பின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மதிப்பெண் 'உயர்ந்திருந்தது' என்பது சரி, வகுப்பு அதை 'உயர்த்தியது' என்பதற்கு இடமில்லை. ஏழு நாளில் நினைவிருந்தது பிரசவம் வரை இருக்குமா என்பதும் பார்க்கப்படவில்லை.

அப்புறம் 'அனைத்து', 'கட்டாயம்'. ஒரு கிராமத்திலிருந்து மாநிலத்துக்குத் தாவியாகிவிட்டது. ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்க எந்தப் பணியாளருக்கு நேரம் உண்டு, அந்த நேரத்தில் எந்த வேலை நிற்கும் என்ற கேள்விக்கு அறிக்கையில் ஒரு எண்கூடக் கிடையாது.

இதை எழுதிய பெண்ணிடம் இவ்வளவும் சொன்னபோது, "சார், இதையெல்லாம் எடுத்துட்டா எழுதறதுக்கு ஒண்ணுமே இருக்காதே?" என்று முகம் வாடிக் கேட்பது வழக்கம். ஏறக்குறைய எல்லாருமே இதைக் கேட்கிறார்கள். "நீ கேட்ட 20 கேள்வியில எதுக்கு வகுப்புக்கு அப்புறமும் தப்பாவே பதில் வந்துச்சுன்னு பார்த்தியாம்மா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். போய்ப் பார்த்தால், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சாப்பிடலாமா என்பது போன்ற ஒரு கேள்வியில் முன்னும் பின்னும் ஒரே அளவு தப்பு இருக்கும். சராசரி மதிப்பெண்ணுக்குள் அது ஒளிந்திருக்கும். அந்த ஊரின் செவிலியருக்கு நாளைக்கே பயன்படக்கூடிய செய்தி அது. தரவுக்கு வெளியே தேடிக்கொண்டிருந்ததால், உள்ளே இருந்தது கண்ணில் படவில்லை.

திருத்திய பிறகு அந்தப் பக்கம் இப்படி வரும்:

"ஒரு கிராமத்தில் 40 கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை பற்றி ஒரு மணி நேர வகுப்பு நடத்தப்பட்டது. ஏழு நாள் கழித்து அதே கேள்வித்தாளில் சராசரி மதிப்பெண் 20-க்கு 8-லிருந்து 14 ஆக உயர்ந்திருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாததால் இந்த உயர்வில் வகுப்பின் பங்கைத் தனியே கூற இயலாது. உணவுப் பழக்கமும் ஹீமோகுளோபின் அளவும் அளக்கப்படவில்லை. மாத்திரையை டீயுடன் உட்கொள்வது பற்றிய கேள்வியில் மாற்றம் காணப்படவில்லை.

இந்தக் கிராமத்தில் மாத்திரை வழங்கும்போது, அதை டீயுடன் உட்கொள்ளக் கூடாது என்பதைச் செவிலியர் நேரில் எடுத்துச் சொல்லலாம். அடுத்த ஆய்வில், அருகருகே உள்ள துணை சுகாதார நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் மட்டும் வகுப்பு நடத்தி, மூன்று மாதம் கழித்து இரண்டு பகுதியிலும் ஹீமோகுளோபினை அளந்து பார்க்கலாம்."